இருபத்தைந்தில் போடும் ஆயிரமும் முப்பத்தைந்தில் போடும் இரண்டாயிரமும்

ஓய்வுக்காலச் சேமிப்பை இருபதுகளிலேயே தொடங்கிவிடுங்கள் என்று சொன்னால், வேலைக்குச் சேர்ந்து ஓரிரு ஆண்டுகளே ஆன ஒருவர் பெரும்பாலும் திருப்பிக் கேட்பது இதுதான்: "இப்போது சம்பளம் குறைவு. பத்து ஆண்டு கழித்துச் சம்பளம் உயர்ந்த பிறகு இரண்டு மடங்காகப் போட்டால் சரியாகிவிடாதா?" இது நியாயமான கேள்வி. அறிவுரையைக் கொண்டு இதற்குப் பதில் சொல்லக் கூடாது, கணக்கைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். எனவே இந்தக் கட்டுரையில் அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு, கூட்டு வட்டி அதற்கு என்ன விடை தருகிறது, அந்த விடை எந்த இடத்தில் வலுவிழக்கிறது என்று பார்ப்போம்.

ஒரே வயதுடைய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவரை முந்தியவர் என்றும் மற்றவரைப் பிந்தியவர் என்றும் அழைப்போம். முந்தியவர் தம் 25-ஆவது பிறந்தநாளில் தொடங்கி 59-ஆவது பிறந்தநாள் வரை ஆண்டுதோறும் 1,000 போடுகிறார். பிந்தியவர் 35-ஆவது பிறந்தநாளில் தொடங்கி அதே 59 வரை ஆண்டுதோறும் 2,000 போடுகிறார். இருவருமே 60-ஆவது பிறந்தநாளில் கணக்கைப் பார்க்கிறார்கள். பணம் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது என்றும், கிடைக்கும் வட்டியை எடுக்காமல் கணக்கிலேயே விட்டுவைக்கிறார்கள் என்றும் கொள்வோம். எந்த நாட்டுப் பணமாக வைத்துக்கொண்டாலும் விகிதங்கள் மாறாது. 8 என்பதும் யாரும் தந்த உறுதியன்று, கணக்கு புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண் மட்டுமே.

முந்தியவர் 35 தவணைகளில் போட்டது மொத்தம் 35,000. பிந்தியவர் 25 தவணைகளில் போட்டது 50,000. அறுபதாவது வயதில் முந்தியவர் கணக்கில் 1,86,102 இருக்கிறது. பிந்தியவர் கணக்கில் 1,57,909 இருக்கிறது. பதினைந்தாயிரம் கூடுதலாகப் போட்டவருக்கு இருபத்தெட்டாயிரத்துக்கு மேல் குறைவாகக் கிடைத்திருக்கிறது. கணினியில் விரிதாள் வைத்திருப்பவர்கள் கீழே உள்ள இரண்டு வரிகளையும் தனித்தனிக் கட்டங்களில் தட்டிப் பார்த்து இதைத் தாங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். கடைசியில் உள்ள 1, பணம் ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலேயே போடப்படுகிறது என்பதைக் குறிக்கும்.

```
=FV(8%,35,-1000,0,1)
=FV(8%,25,-2000,0,1)
```

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்று அறிய, முந்தியவர் போட்ட முதல் ஆயிரத்தை மட்டும் தனியே பிரித்து அதன் பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும். முதல் ஆண்டு முடிவில் அது 80 வட்டி ஈட்டி 1,080 ஆகிறது. இரண்டாம் ஆண்டில் வட்டி 80 அன்று, 86.40. அந்தக் கூடுதல் 6.40 முதல் ஆண்டு வட்டி ஈட்டிய வட்டி. வட்டி குட்டி போடும் என்று நாம் பேச்சில் சொல்வது இதைத்தான். ஆறு, ஏழு என்று இருக்கும் இந்தத் தொகையைத் தொடக்கத்தில் யாரும் பொருட்படுத்துவதில்லை, பொருட்படுத்தாததில் வியப்பும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வட்டி கணக்கிடப்படும் அடித்தொகை சற்றே பெரிதாகிக்கொண்டே போவதால், 35-ஆவது ஆண்டில் மட்டும் அந்த ஒற்றை ஆயிரம் ஈட்டுவது 1,095 ஆகிறது. அதாவது, தொடக்கத்தில் போட்ட அசலைவிட அந்த ஓராண்டு வட்டியே அதிகம். அறுபதாவது பிறந்தநாளன்று அந்த ஆயிரம் 14,785 ஆகி நிற்கிறது. வட்டியை ஆண்டுதோறும் எடுத்துச் செலவழித்து, அசலுக்கு மட்டும் தனி வட்டி வாங்கியிருந்தால், எடுத்த வட்டியையும் சேர்த்து 3,800-தான் கிடைத்திருக்கும்.

இப்போது அதே ஆயிரத்தை 35 வயதில் போட்டால் 60-இல் அது 6,848 ஆகிறது. 45-இல் போட்டால் 3,172. 59-இல் போட்டால் வெறும் 1,080. ஆயிரம் என்ற எண் ஒன்றே, ஆனால் ஓய்வுக்காலக் கணக்கில் அவை ஒரே தொகை அல்ல. 8 சதவீத வளர்ச்சியில் பணம் இரட்டிப்பாக ஏறத்தாழ 9 ஆண்டுகள் ஆகும். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம் கிடைக்கும் என்ற இந்தக் குறுக்குவழி பழமையானது. 1494-இல் வெனிஸ் நகரில் அச்சான லூகா பாச்சோலியின் கணித நூலிலேயே அது காணப்படுகிறது. இருபத்தைந்தில் போட்ட பணத்துக்கு அறுபதுக்குள் கிட்டத்தட்ட நான்கு இரட்டிப்புகள் கிடைக்கின்றன. முப்பத்தைந்தில் போட்டதற்கு மூன்றுக்கும் குறைவுதான். தொகையை இரண்டு மடங்காக்குவது ஓர் இரட்டிப்புக்குத்தான் ஈடாகும், பத்து ஆண்டுத் தாமதமோ ஓர் இரட்டிப்புக்குச் சற்றுக் கூடுதலாகவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் இடம் உண்டு, அதில் சற்று நின்று பார்ப்பது நல்லது. தாமதமாகத் தொடங்குபவர் இழப்பது முதல் பத்து ஆண்டுகளை என்றுதான் நாம் நினைக்கிறோம். முந்தியவரின் கணக்கில் அந்தப் பத்து ஆண்டுகளின் முடிவில், 35-ஆவது பிறந்தநாளன்று, புதுத் தவணை போடுவதற்கு முன் இருப்பது 15,645. அதில் 10,000 அவரே போட்டது. பத்து ஆண்டு பொறுமைக்குக் கிடைத்த வட்டி 5,645 மட்டுமே. இதைப் பார்த்தால், இவ்வளவுதானா, பிறகு பிடித்துவிடலாமே என்றுதான் தோன்றும். இப்போது பிந்தியவரும் அதே 1,000 வீதம்தான் போடுகிறார் என்று ஒரு கணம் மாற்றிக்கொள்வோம். 25 தவணைகளுக்குப் பின் அவருடைய கணக்கில் 60 வயதில் இருப்பது 78,954. முந்தியவருக்கும் 25 தவணைகள் முடிந்தபோது சரியாக இதே 78,954-தான் இருந்தது. ஆனால் அப்போது அவருக்கு வயது 50. அங்கிருந்து அவர் இன்னும் பத்து ஆண்டுகள் போகிறார். அந்தக் கடைசிப் பத்து ஆண்டுகளில் அவர் கணக்கு 1,07,148 கூடுகிறது, அதில் அவர் கையால் போட்டது 10,000 மட்டுமே. பிந்தியவர் தவறவிட்டது இந்தக் கடைசிப் பத்து ஆண்டுகளைத்தான். நாட்காட்டியில் அவர் தாமதித்தது தொடக்கத்தில் என்றாலும், கணக்கில் வெட்டுப்படுவது முடிவில் உள்ள, கனம் மிகுந்த பகுதிதான். தாளில் ஆண்டுக்கு ஒரு வரியாக இந்தக் கணக்கை எழுதிப் பார்த்த நாளில்தான் எனக்கும் இது உண்மையிலேயே விளங்கியது. அதுவரை சூத்திரம் தெரிந்திருந்தும் பொருள் தெரியாமல் இருந்தேன்.

முந்தியவர் சேர்க்கும் அதே 1,86,102-ஐ எட்ட, பிந்தித் தொடங்குபவர் எவ்வளவு போட வேண்டும் என்பதையும் இதே கணக்கு சொல்லிவிடும். 30 வயதில் தொடங்குபவர் ஆண்டுக்கு 1,521 போட வேண்டும், 35-இல் தொடங்குபவர் 2,357, 40-இல் 3,766, 45-இல் 6,346. ஒவ்வோர் ஐந்தாண்டுத் தாமதத்துக்கும் தவணை ஒன்றரை மடங்கு முதல் ஒன்றே முக்கால் மடங்குக்குக் கிட்டத்தட்ட ஏறிக்கொண்டே போவதைக் கவனிக்க வேண்டும். எனவே நாற்பதைத் தொட்டவருக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அவருக்கு இன்று தொடங்குவதற்கும் நாற்பத்தைந்தில் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி, இருபதுகளில் இருப்பவருக்கு உள்ளதைவிடக் கூர்மையானது.

கணக்கு சரியான பாதையில் போகிறதா என்று அறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. ஆண்டு அறிக்கையில் அந்த ஆண்டு நாம் போட்ட தொகையையும், அந்த ஆண்டு கணக்கு தானாக ஈட்டிய தொகையையும் அருகருகே எழுதிப் பார்க்க வேண்டும். முந்தியவருக்கு முதல் ஆண்டில் ஆயிரத்துக்கு எதிரே 80 நிற்கும். ஒன்பதாம் ஆண்டில் ஆயிரத்துக்கு எதிரே 999 நிற்கும். அடுத்த ஆண்டிலிருந்து கணக்கு ஈட்டுவது, அவர் போடுவதைவிட அதிகம். இந்தச் சந்திப்பு வரும் காலம் தவணை பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்ததன்று. வளர்ச்சி விகிதத்தை மட்டுமே பொறுத்தது. இரண்டாயிரம் போடும் பிந்தியவருக்கும் அது தொடங்கிய ஒன்பதாம் ஆண்டில்தான் வருகிறது. முந்தியவருக்கு அப்போது வயது 33, பிந்தியவருக்கு 43.

இந்தச் சந்திப்பை எட்டும் வேளையில்தான் பெரும்பாலும் ஒரு பிழை நேர்கிறது. வேலை மாறும்போதோ, ஒரு பெரிய செலவு வரும்போதோ, இதுவரை சேர்ந்ததை எடுத்துவிட்டு மறுபடி புதிதாகத் தொடங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். முந்தியவர் 35-ஆவது பிறந்தநாளில் அந்த 15,645-ஐ எடுத்துவிட்டு, ஆண்டுக்கு ஆயிரம் போடுவதை மட்டும் விடாமல் தொடர்கிறார் என்று வைப்போம். சேமிப்பை நிறுத்தவில்லை என்று அவர் உண்மையாகவே நம்பலாம். ஆனால் அறுபதில் அவர் கையில் இருப்பது 78,954. எடுத்தது பதினைந்தாயிரத்துச் சொச்சம், அதனால் அறுபதில் இல்லாமல் போனது 1,07,148. எடுத்த தொகை சிறியதாகத் தெரிவதால் இந்த இழப்பு கண்ணுக்குப் படுவதில்லை. ஓய்வுக்காலக் கணக்குக்கு வெளியே அவசரச் செலவுக்கென்று தனியாக ஒரு சிறு தொகை வைத்திருக்கச் சொல்வதற்கு முதன்மையான காரணமும் இதுதான். அதேபோல, 8 சதவீதத்துக்கு மேல் வட்டி கேட்கும் கடனை வைத்துக்கொண்டு 8 சதவீதத்தில் சேமிப்பதும் பயன் தராது. அங்கே இதே கூட்டு வட்டி நமக்கு எதிராக இன்னும் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் அந்தக் கடன் அடைய வேண்டும்.

கட்டணமும் இதே வகையைச் சேர்ந்தது. சேமிப்பை நிர்வகிக்கும் நிறுவனம் ஆண்டுக்கு 1 சதவீதம் எடுத்துக்கொண்டால், 8-இல் மீதம் 7 தானே என்று தோன்றும். 35 ஆண்டுகளில் முந்தியவரின் 1,86,102 அப்போது 1,47,913 ஆகக் குறைகிறது, அதாவது ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. அவர் முந்தித் தொடங்கியதால் பிந்தியவரை மிஞ்சிய தொகை முழுவதையும் இந்த ஒரு சதவீதம் விழுங்கிவிடுகிறது. இளம் வயதில் தொடங்குபவருக்குக் காலம் நீளம் என்பதால், கட்டணமும் அதே நீளத்துக்குக் கூட்டு முறையில் தின்னும். எனவே தொடங்கும்போதே அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி இந்த விடை எங்கே வலுவிழக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் விடுவது வாசகருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. முதலாவதாக, எல்லாம் வளர்ச்சி விகிதத்தைப் பொறுத்தது. பத்து ஆண்டு முந்தியவரின் ஆயிரமும், பிந்தியவரின் இரண்டாயிரமும் ஏறத்தாழ 5.8 சதவீத வளர்ச்சியில் சமமாகின்றன. 5 சதவீதம்தான் வளர்கிறது என்றால் பிந்தியவரே முந்திவிடுவார். வளர்ச்சியே இல்லை என்றால், போட்டதுதான் கிடைக்கும்; அப்போது ஐம்பதாயிரம் முப்பத்தைந்தாயிரத்தைவிடப் பெரிது என்பதில் விவாதம் எதுவும் இல்லை. ஆக, இளமையில் தொடங்குவதால் மட்டும் பயன் வந்துவிடாது. அந்தப் பணம் வளரும் இடத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பணவீக்கம். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று கொண்டால், முந்தியவர் அறுபதில் பெறும் 1,86,102-இன் வாங்கும் திறன், அவர் 25 வயதில் பார்த்த பணத்தில் ஏறத்தாழ 33,700 மட்டுமே. இந்த எண்ணைப் பார்த்ததும், போட்ட முப்பத்தைந்தாயிரம்கூட வரவில்லையே என்று பதற வேண்டியதில்லை, ஏனெனில் அவர் பின்னாளில் போட்ட ஆயிரங்களும் அதே விலைவாசியால் மெலிந்தவைதான். அவர் போட்ட எல்லாத் தவணைகளையும் 25 வயதுப் பணமாக மாற்றினால் ஏறத்தாழ 17,200 ஆகிறது. அது அதே பணத்தில் இரட்டிப்பாகியிருக்கிறது, அவ்வளவுதான். பிந்தியவர் 35-இல் போடும் இரண்டாயிரமும் 25 வயதுப் பணத்தில் ஏறத்தாழ 1,230-க்குச் சமம். அவருடைய சம்பளமும் விலைவாசியோடு ஏறியிருக்கும் என்பதால், அந்த "இரண்டு மடங்கு" அவருக்குப் பெயரளவில் தெரியும் அளவுக்குப் பெரிய சுமையாக இருந்திருக்காது. மேலே சொன்ன ஒப்பீட்டில் அவருக்குச் சற்று அநீதி நேர்ந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதைச் சரிசெய்ய, இருவருமே தங்கள் தவணையை ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்த்திக்கொண்டே போகிறார்கள் என்றும், பிந்தியவர் உண்மையான வாங்கும் திறனிலேயே இரண்டு மடங்கு போடுகிறார் என்றும் கொள்வோம். எல்லாவற்றையும் 25 வயதுப் பணத்தில் பார்த்தால், முந்தியவர் 35,000 போட்டு ஏறத்தாழ 60,500 பெறுகிறார். பிந்தியவர் 50,000 போட்டு ஏறத்தாழ 73,600 பெறுகிறார். இந்தக் கணக்கில் பிந்தியவர் முந்திவிடுகிறார். ஆனால் முந்தியவரை வெறுமனே எட்டிப் பிடிக்கவே அவர் 25 ஆண்டுகளும் ஏறத்தாழ 1.64 மடங்கு போட்டாக வேண்டும். வளர்ச்சி சிறிதும் இல்லாத கணக்கிலேயே, ஆண்டுகள் குறைந்ததற்காக 1.4 மடங்கு தேவைப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள அந்த வேறுபாடுதான் கூட்டு வட்டி உண்மையில் தந்த அனுகூலம். வளர்ச்சிக்கும் விலைவாசிக்கும் உள்ள இடைவெளி 3 சதவீதத்துக்கு அருகில் இருக்கும்வரை அது மிதமானது. இடைவெளி 5 சதவீதமானால் தேவைப்படும் மடங்கு 1.89 ஆக உயரும். எனவே எனக்கு 8 சதவீதம் கிடைக்கிறது என்று சொல்பவரிடம், அவர் வாழும் இடத்தில் விலைவாசி எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று உடனே கேட்க வேண்டும். விலைவாசி ஏறும் வேகத்திலேயே வட்டி தரும் கணக்கில் 35 ஆண்டு வைத்திருந்தாலும், உண்மையில் எந்த இரட்டிப்பும் நிகழாது.

அந்த இடைவெளியைப் பெரிதாக்க, ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும் முதலீடுகளை ஓரளவு ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். நிறுவனப் பங்குகளைக் கொண்ட நிதிகள் அத்தகையவை. அவை எந்த ஆண்டிலும் சொன்னபடி 8 சதவீதம் தருவதில்லை. சில ஆண்டுகளில் மிகுதியாக ஏறும், சில ஆண்டுகளில் கடுமையாக இறங்கும். இங்கேதான் இருபதுகளில் தொடங்குபவருக்கு, கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத இன்னோர் அனுகூலம் கிடைக்கிறது. முந்தியவரின் 35-ஆவது வயதில் சந்தை 30 சதவீதம் சரிந்தால், 15,645-இல் ஏறத்தாழ 4,700 குறையும். அது அவருடைய ஐந்து ஆண்டுத் தவணைக்கும் குறைவு, அதை ஈடுசெய்ய அவர் முன்னே 25 ஆண்டுகள் இருக்கின்றன, அதுவரை போடும் புதுத் தவணைகளும் இறங்கிய விலையில் வாங்கிக்கொண்டே போகும். அதே 30 சதவீதச் சரிவு 59-ஆவது வயதில் வந்தால், 1,71,317-இல் 51,000-க்கு மேல் போய்விடும். அது ஐம்பத்தொரு ஆண்டுத் தவணை. மீட்க ஓராண்டுதான் மிச்சம். அதனால்தான் ஓய்வு நெருங்கும் கடைசிப் பத்து ஆண்டுகளில், ஏறி இறங்கும் முதலீட்டின் பங்கை ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைத்து, நிலையான வட்டி தரும் இடங்களுக்கு மாற்றிக்கொண்டே வருகிறார்கள். முப்பத்தைந்தில் தொடங்கிய பிந்தியவரும் இதையே செய்தாக வேண்டும், ஆனால் சரிவைத் தாங்கி நிற்கக்கூடிய ஆண்டுகளாக முந்தியவருக்கு 25 கிடைத்தன என்றால் அவருக்குக் கிடைப்பவை 15 மட்டுமே.